பூனையின் மோவாயில் கரும்புள்ளிகள்: கிண்ணத்தை மாற்றினால் போதுமா?

பூனையைக் கொஞ்சும்போது மோவாய்க்கு அடியில் மிளகுப்பொடி தூவியதுபோலத் தெரியும். சாப்பிட்ட அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் துடைப்பார்கள், போகாது. அழுத்தித் தேய்ப்பார்கள், மறுநாள் தோல் சிவந்திருக்கும். கால்நடை மருத்துவர்களான எங்களிடம் பூனையைத் தூக்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் அந்தச் சிவப்புக்குப் பிறகுதான். பெங்களூரில் ஃபிளாட்டுக்குள்ளேயே வளரும் பூனைகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். பிளாஸ்டிக் கிண்ணத்தில் சாப்பிடுவதால்தான் இது வருகிறது, கிண்ணத்தை மாற்றினால் போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு.

அது அழுக்கல்ல. பூனை சுவரிலும் நாற்காலிக் காலிலும் நம் முழங்காலிலும் மோவாயைத் தேய்ப்பது தன் வாசனையைப் பதித்து வைக்க. அதற்காக அந்த இடத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. முடி முளைக்கும் குழியில் இந்த எண்ணெயும் உதிரும் தோல் செல்களும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், அடைப்பின் மேல்முனை கறுத்துப் புள்ளியாகத் தெரிகிறது. மோவாயிலும் கீழ் உதட்டு ஓரத்திலும் அதிகம் வரும், சில பூனைகளுக்கு மேல் உதட்டிலும் வரலாம். எந்த வயதிலும் வரும். ஒரு பூனைக்கு வந்து, அதே வீட்டில் அதே உணவைத் தின்னும் இன்னொன்றுக்கு வராமல் போவது ஏன் என்பதற்கு இன்னும் சரியான விடை கிடையாது.

தெள்ளுப்பூச்சியின் எச்சமும் இப்படித்தான் கறுப்பாக இருக்கும். சீப்பில் வாரி, விழும் துகளை நனைத்த வெள்ளை டிஷ்யூ தாளில் வையுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளு தின்று கழித்த ரத்தம். கரும்புள்ளி முடிக்குழியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், சீப்போடு அவ்வளவு எளிதில் வராது.

இனி பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு வருவோம். அதன்மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டு இரண்டு. முதலாவது, கீறல். நாரோ ஸ்க்ரப்பரோ போட்டுத் தேய்க்கத் தேய்க்க உள்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் விழுகின்றன. உணவின் கொழுப்பு அந்தக் கோடுகளில் தங்கி, அதில் பாக்டீரியா பெருகுகிறது. கழுவிய கிண்ணத்தின் உட்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். வழவழப்பு இருந்தால் கொழுப்பு இன்னும் போகவில்லை. ஒவ்வொரு வேளையும் மோவாய் அதில்தான் படுகிறது. இரண்டாவது, பிளாஸ்டிக்கில் உள்ள ஏதோ ஒரு பொருள் தோலுக்கு ஒவ்வாமல் போகலாம் என்பது. முதலாவது நம்பத் தகுந்தது. இரண்டாவதை ஒரு குறிப்பிட்ட பூனையிடம் நிரூபிப்பது கடினம். எவர்சில்வரில் மட்டுமே சாப்பிட்ட பூனைக்கும் கரும்புள்ளி வருகிறது, பிளாஸ்டிக்கிலேயே வளர்ந்த எத்தனையோ பூனைகளுக்கு வருவதில்லை. ஆகவே பிளாஸ்டிக் காரணங்களில் ஒன்றாக இருக்கலாம், அவ்வளவுதான். மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு என்பதால் எல்லாருக்கும் மாற்றச் சொல்கிறோம்.

மாற்றும்போது பொருளை மட்டும் பார்த்தால் போதாது, வடிவத்தையும் பாருங்கள். ஆழமான கிண்ணத்தில், எவர்சில்வராகவே இருந்தாலும், மோவாய் கிரேவியில் முழுகும். அகலமான, விளிம்பு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் உயராத சின்னத் தட்டு போதும். வீட்டில் இருக்கும் சிற்றுண்டித் தட்டே சரி. கண்ணாடியும் நல்லது. பீங்கான் என்றால் மேல்பூச்சு வெடிக்காததாக இருக்க வேண்டும், வெடித்த பீங்கானும் கீறிய பிளாஸ்டிக்கும் ஒன்றுதான். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவுங்கள், பச்சைத் தண்ணீரில் கொழுப்பு போகாது. தண்ணீர்ப் பாத்திரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தட்டை மாற்றிவிட்டு, பிளாஸ்டிக் நீரூற்றை அப்படியே ஓடவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

அல்சூரில் ஒரு ஃபிளாட்டில் வளரும், கருத்தடை செய்த நான்கு வயது ஆண் பூனையை எடுத்துக்கொள்வோம். மோவாய் வெள்ளை. மூன்று ஆண்டுப் பழைய பிளாஸ்டிக் கிண்ணம், இரண்டு வேளையும் கிரேவி உணவு. இருபதுக்கும் மேல் கரும்புள்ளிகள், இரண்டு சிவந்த பருக்கள், சீழ் இல்லை. ஒட்டும் டேப்பை மோவாயில் ஒற்றி எடுத்துச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது உருண்டை பாக்டீரியாக்கள் இருந்தன. தோலைச் சுரண்டிப் பார்த்ததில் டெமோடெக்ஸ் சிற்றுண்ணி இல்லை. வுட்ஸ் விளக்கின் புற ஊதா ஒளியில் எதுவும் ஒளிரவில்லை, ஆனால் படர்தாமரைப் பூஞ்சையில் சில வகைகள் மட்டுமே அதில் ஒளிரும் என்பதால் முடியைப் பிடுங்கிப் பூஞ்சை வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்பப்பட்டது. அதிலும் ஒன்றும் வளரவில்லை.

சிகிச்சை எளிமையானது. எவர்சில்வர் தட்டு. கால்நடைகளுக்கென விற்கும், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியில் நனைத்த வைப்ஸால் நாளுக்கு ஒரு முறை ஒற்றித் துடைப்பது. அதற்கு முன், மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்தால் சுடாத வெதுவெதுப்பில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் மோவாயில் வைத்திருப்பது, அடைப்பு இளகுவதற்காக. இரண்டு வாரத்தில் சிவப்பு போயிற்று. ஆறாவது வாரத்தில் ஐந்தாறு புள்ளிகள்தான் மிச்சம்.

தட்டுதான் குணப்படுத்தியது என்று இதிலிருந்து சொல்ல முடியுமா? முடியாது. தட்டையும் மருந்தையும் ஒரே நாளில் தொடங்கியாயிற்று. வைப்ஸை நிறுத்திவிட்டுத் தட்டை மட்டும் தொடர்ந்தபோது, இரண்டு மாதத்தில் பத்துப் புள்ளிகள் திரும்ப வந்தன, பருவோ சிவப்போ இல்லை. தட்டு உதவியிருக்கலாம், அது மட்டுமே போதவில்லை. உங்கள் பூனைக்குச் சிவப்பில்லாத கரும்புள்ளி மட்டும் இருந்தால், ஆறு வாரம் தட்டை மட்டும் மாற்றி, வாரத்துக்கு ஒரு படம் அதே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்து வையுங்கள். உங்கள் பூனைக்குப் பிளாஸ்டிக் பொருட்டா இல்லையா என்பதை அந்த ஆறு படங்கள் ஓரளவாவது காட்டும்.

கேடு விளைவது பெரும்பாலும் கைவைத்தியத்தில்தான். புள்ளியைப் பிதுக்கினால் முடிக்குழி உள்பக்கமாக வெடிக்கும். உள்ளே சிதறும் முடியும் செதிலும் தோலுக்கு அந்நியப் பொருள், அங்கே ஆழமாகச் சீழ் பிடிக்கும். தேங்காய் எண்ணெய், இருக்கிற எண்ணெயோடு இன்னும் எண்ணெய். மஞ்சள் பூசினால் மோவாய் மஞ்சளாகி, சிவப்பு கூடுகிறதா குறைகிறதா என்று எங்களுக்கே தெரியாமல் போகிறது. டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கு நஞ்சு. ஃபீனால் வகைக் கிருமிநாசினியும் வேண்டாம். மனிதர்களின் பருக் களிம்பு அந்தத் தோலை எரிக்கும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். இவற்றைவிட நாங்கள் அஞ்சுவது மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும், ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பை. படர்தாமரையாக இருந்தால் அது சிவப்பை மட்டும் அடக்கிவிட்டு உள்ளே பூஞ்சையைப் பரவவிடும். அதற்குள் வீட்டில் யாராவது ஒருவரின் கையில் வட்டத் தடிப்பு வந்திருக்கும்.

மோவாய் வீங்கினாலோ, ரத்தமோ சீழோ கசிந்தாலோ, தொட்டால் பூனை சீறினாலோ, மென்று தின்னத் தயங்கினாலோ தட்டுச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். ஆழமான தொற்றுக்கு வாய்வழி ஆன்டிபயாடிக் தேவைப்படும். வலியில்லாமல் மோவாய் மட்டும் புடைத்திருந்தால் அது ஈசினோஃபிலிக் கிரானுலோமா என்ற அழற்சித் தடிப்பாகவும் இருக்கலாம், அதன் வைத்தியம் வேறு.

அல்சூர்ப் பூனையின் மோவாயில் அந்தப் பத்துப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. வாரத்துக்கு இரண்டு நாள் வைப்ஸ், வேறொன்றும் இல்லை. வெள்ளை மோவாய் என்பதால் அது கண்ணில் பட்டது. கறுப்புப் பூனை வைத்திருப்பவர்கள் விரல்நுனியால் தடவிப் பாருங்கள், ரவை போல நெருடும்.