கொலஸ்ட்ரால்: கொழுப்பு என்றால் போதுமா?

பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கியதும் நம்மவர்கள் வீட்டில் சொல்வது, "கொழுப்பு கூடிப்போச்சாம், எடையைக் குறைக்கச் சொல்றாங்க." சொல்லும்போதே கை வயிற்றுக்குப் போகும். ஆனால் வயிற்றில் இருப்பது வேறு, அந்தத் தாளில் இருப்பது வேறு.

கிரேக்கத்தில் கோலே என்றால் பித்தம், ஸ்டெரியோஸ் என்றால் கெட்டியானது. பித்தப்பைக் கற்களில் கண்ட மெழுகு போன்ற பொருளுக்கு பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ருல் 1815ல் இட்ட பெயர் கொலஸ்டரின். அது ஆல்கஹால் வகையைச் சேர்ந்தது என்று தெரிந்தபின் 'ஆல்' விகுதி ஒட்டிக்கொண்டது. உடல் இதை எரிபொருளாக எரிப்பதில்லை. செல்களின் சவ்வுக்கும் சில ஹார்மோன்களுக்கும் பித்தநீருக்கும் மூலப்பொருள், பெரும்பகுதியை உடலே செய்துகொள்கிறது. தொப்பையில் சேர்ந்திருப்பதோ டிரைகிளிசரைடு, அதாவது சேமித்த எரிபொருள், அது ரத்தத்திலும் ஓடும். 'ரத்தக் கொழுப்பு' என்ற சொல் இரண்டையும் சேர்த்துச் சொல்ல நல்ல சொல்தான், ஆனால் கொலஸ்ட்ராலை மட்டும் குறிக்க கொலஸ்ட்ரால் என்றே எழுதிவிடுவது என் கட்சி. 'பித்தத்திண்மம்' என்று பெயர்த்தால் யாருக்குப் புரியும்?

சரி, எடை குறைந்தால் எது எவ்வளவு குறையும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 80 கிலோ எடை, ரத்த அழுத்தம் 146/92, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 4.2 மில்லிமோல். இவர் 6 கிலோ குறைக்கிறார். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கிலோவுக்குச் சுமார் 1 புள்ளி வீதம் மேல் எண்ணும் கீழ் எண்ணும் இறங்குகின்றன, ஆக 140/86 பக்கம் வரலாம். எடை குறையக் குறைய நரம்புகளின் முடுக்கம் தணிந்து, சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைப்பதும் குறைவதால்தான் இது. எல்டிஎல்லோ கிலோவுக்கு 0.02 அளவுதான், 6 கிலோவுக்கு 0.12. அதாவது 4.2 என்பது 4.1 ஆகும், அவ்வளவுதான்! டிரைகிளிசரைடு கூடுதலாக இருந்தவருக்கு அது இதைவிட நன்றாகவே இறங்கும், ஏனென்றால் கல்லீரல் அதை ரத்தத்தில் விடும் அளவு குறைகிறது. எல்டிஎல்லை ஸ்டேட்டின் மாத்திரை 30 சதவீதத்துக்கு மேலும் குறைக்கும் என்பதால், எடை குறைந்த தைரியத்தில் அதை நிறுத்திவிடக் கூடாது. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு எழுந்து நின்றதும் தலை சுற்றினால் அளவு கூடிவிட்டதோ என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும், தானாகக் குறைக்கக் கூடாது. எல்லாம் சராசரிதான், அப்புறம் எடை திரும்ப ஏறினால் அழுத்தமும் ஏறும்.

இன்னொன்று, எடை விறுவிறுவென்று இறங்கும் நாட்களில் பரிசோதித்தால் நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல் கொஞ்சம் குறைந்தே காட்டும். எடை ஓரிடத்தில் நின்றபின் அது பழைய அளவைத் தாண்டி சற்று ஏறும். அதனால் அடுத்த பரிசோதனையை எடை நிலைத்த பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.