ரேட்டிங் ஒன்றுதான், இன்க்ரிமென்ட் ஏன் மாறுகிறது?

அப்ரைசல் முடிந்ததும் பலரும் கேட்கும் கேள்வி: "போன வருடமும் 4 ரேட்டிங், இந்த வருடமும் 4. அப்போது வந்த சதவீதம் இப்போது ஏன் வரவில்லை?" பட்ஜெட் கொஞ்சமும் குறையாதபோதும் இப்படி நடக்கும். காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். க, ச, த, ப, ம என்று அழைக்கலாம். ஆண்டுச் சம்பளம் முறையே 150, 130, 100, 80, 40 அலகுகள்; மொத்தம் 500. உயர்வுக்கு ஒதுக்கியது இதில் 5 சதவீதம், அதாவது 25 அலகு. ரேட்டிங் 2-க்கு எடை 0.5, 3-க்கு 1, 4-க்கு 1.5, 5-க்கு 2 என்று நிர்வாகம் வைத்திருக்கிறது. க-வும் த-வும் 3 வாங்கினார்கள், ச 4, ப 5, ம 2.

முதலில் தோன்றும் வழி, 5 சதவீதத்தை அவரவர் எடையால் பெருக்குவது. பெருக்கிக் கூட்டினால் 31.25 அலகு வருகிறது. கையில் இருப்பதோ 25. சம்பளத்தையும் சேர்த்துப் பார்க்கும் சராசரி எடை 1-க்கு மேல் போய்விட்டால் இப்படித்தான் இடிக்கும்.

அதனால் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். ஒவ்வொருவரின் சம்பளத்தையும் எடையால் பெருக்கினால் 150, 195, 100, 160, 20, கூட்டினால் 625. பட்ஜெட்டை இதால் வகுத்தால், 25 ÷ 625 = 4 சதவீதம். எடை 1 உள்ளவருக்குக் கிடைக்கும் அடிப்படை விகிதம் இதுதான். மற்றவர்களுக்கு இதை எடையால் பெருக்கினால் போதும்: ச-வுக்கு 6 சதவீதம், ப-வுக்கு 8, ம-வுக்கு 2. அலகில் 6, 7.8, 4, 6.4, 0.8; கூட்டினால் சரியாக 25. எக்செல்லில் சம்பளம் B, எடை C என்று வைத்தால் ஒரே வரி:

```
=B2*C2*25/SUMPRODUCT(B$2:B$6,C$2:C$6)
```

எடைகளை எல்லாம் பத்தால் பெருக்கினாலும் விடை மாறாது. எடைகளுக்கு இடையே உள்ள விகிதம் மட்டுமே இங்கே வேலை செய்கிறது.

சரி, இப்போது தொடக்கக் கேள்விக்கு வருவோம். மேலாளர் மனமிரங்கி த-வின் ரேட்டிங்கை 3-லிருந்து 5 ஆக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை 725 ஆகிறது, அடிப்படை விகிதம் 3.45-க்கு இறங்குகிறது. ப-வின் ரேட்டிங்கை யாரும் தொடவில்லை, ஆனாலும் அவருடைய 8 சதவீதம் 6.9 ஆகிவிட்டது. த-வுக்குக் கூடுதலாகக் கிடைத்த ஒவ்வொரு காசும் மற்ற நால்வரிடமிருந்து போனது. எல்லோருக்கும் 5 போட்டால்? ஆளுக்கு 5 சதவீதம். எல்லோருக்கும் 3 போட்டாலும் அதே 5 சதவீதம்தான்! தாராளமாக ரேட்டிங் போடும் மேலாளரைக் குழு கொண்டாடும். உண்மையில் அவர் நன்றாக உழைத்தவரின் பங்கை எடுத்து மற்றவர்களுக்குப் பரப்புகிறார். இதனால்தான், ஒரு ரேட்டிங்குக்கு இத்தனை சதவீதம் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே வாக்குக் கொடுப்பது ஆபத்து.

இன்னொரு பிழை அமைதியாக நுழையும். சம்பளத்தை விட்டுவிட்டு எடைகளை மட்டும் கூட்டி (மொத்தம் 6) பட்ஜெட்டைப் பிரிப்பார்கள். க-வுக்கு 4.17 அலகு, ம-வுக்கு 2.08. சதவீதமாகப் பார்த்தால் க-வுக்கு 2.8, ம-வுக்கு 5.2. குறைந்த ரேட்டிங் வாங்கியவர் அதிக சதவீதம் பெறுகிறார்! குறைந்த சம்பளக்காரர்களை மேலே தூக்குவதே நோக்கமென்றால் தவறில்லை, தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்கக் கடைசியில் சதவீதத்துக்கு ஒரு நெடுவரிசை போட்டு, ரேட்டிங் வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தால் போதும்.

அப்புறம் உச்சவரம்பு. க தன் பதவிக்கான சம்பள எல்லையை நெருங்கிவிட்டதால் 3 அலகுக்கு மேல் தர முடியாது என்று வையுங்கள். மிச்சமான 3 அலகை யாருக்காவது இஷ்டத்துக்குக் கொடுத்தால் விகிதம் கெடும். க-வை 3-இல் நிறுத்தி, மீதி 22 அலகை மற்ற நால்வரின் 475-ஆல் வகுக்க வேண்டும்: 4.63 சதவீதம். இப்போது ப-வுக்கு 9.26 வருகிறது. யாருக்கும் 9-ஐத் தாண்டக் கூடாது என்று விதி இருந்தால் அவரும் 7.2 அலகில் நிற்பார். மீதி 14.8-ஐ மூவரின் 315-ஆல் வகுத்தால் 4.7 சதவீதம், ச-வுக்கு 7.05, ம-வுக்கு 2.35. புதிதாக யாரும் வரம்பைத் தொடாத சுற்றோடு கணக்கு நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது ஒருவராவது விலகுவதால், எத்தனை பேரோ அதற்கு மேல் சுற்றுகள் போகாது. எல்லோருமே வரம்பில் நின்றுவிட்டால், மிஞ்சும் தொகை பட்ஜெட்டிலேயே தங்கிவிடும்.