டிஃப் கோப்பையும் ரா கோப்பையும் பதிவேற்றப் படிவங்கள் மறுப்பது ஏன்?

ஒரு பதிவேற்றப் படிவம் `.jpg`, `.png` கோப்புகளை ஏற்றுக்கொண்டு, அவற்றைவிடக் கூடுதல் விவரம் கொண்ட `.tif` என்ற டிஃப் கோப்பையும் கேமராவிலிருந்து நேரே வந்த `.nef` போன்ற ரா கோப்பையும் மறுக்கும்போது, அவை பெரியவையாக இருப்பதே காரணம் என்று பலரும் எண்ணுகிறார்கள். அளவும் ஒரு காரணம்தான். ஆனால் 200 கிலோபைட் மட்டுமே உள்ள டிஃப் கோப்பையும் அதே படிவம் மறுத்துவிடும். அடிப்படைக் காரணம் அந்தக் கோப்புகளின் உள்ளமைப்பில் இருக்கிறது.

டிஃப் வடிவத்தை 1986-இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்டது. அன்று ஒவ்வொரு ஸ்கேனர் நிறுவனமும் தனக்கென ஒரு கோப்பு வடிவத்தை வைத்திருந்ததால், எல்லோருக்கும் பொதுவான ஒன்றை உருவாக்குவதே நோக்கமாக இருந்தது. அதற்காக எடுக்கப்பட்ட முடிவு தாராளமானது: படத்தை இப்படித்தான் சேமிக்க வேண்டும் என்று விதிக்காமல், எப்படிச் சேமித்திருக்கிறோம் என்பதைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைத்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு டிஃப் கோப்பின் முதல் எட்டு பைட்டுகள், எடுத்துக்காட்டாக, இப்படி இருக்கும்:

```
49 49 2a 00 08 00 00 00
```

முதல் இரண்டு பைட்டுகள் `II` என்ற எழுத்துகள். எண்களின் பைட்டுகள் எந்த வரிசையில் எழுதப்பட்டுள்ளன என்பதை அவை சொல்கின்றன. அடுத்து வருவது 42 என்ற அடையாள எண். கடைசி நான்கு பைட்டுகள், விவர அட்டவணை கோப்பின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைக் காட்டுகின்றன. அந்த அட்டவணையின் ஒவ்வொரு பதிவும் 12 பைட் நீளம் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. 256 என்றால் படத்தின் அகலம், 257 என்றால் உயரம், 259 என்றால் சுருக்கும் முறை, 262 என்றால் எண்களை எந்த நிறமாகப் படிக்க வேண்டும் என்பது.

சிக்கல் 259-இலும் 262-இலும்தான் தொடங்குகிறது. சுருக்கும் முறையின் இடத்தில் 1 இருந்தால் படம் சுருக்கப்படவில்லை. 4 இருந்தால் ஃபேக்ஸ் முறை. 5 இருந்தால் எல்இசட்டபிள்யூ முறை. 7 இருந்தால் உள்ளே இருப்பது ஜேபெக் தரவு. நிறத்தின் இடத்தில் 2 இருந்தால் திரைக்குரிய சிவப்பு, பச்சை, நீலம். 5 இருந்தால் பெரும்பாலும் அச்சகத்தின் நான்கு மைகள். இவை தவிர, ஒரு நிறத்துக்கு 1 பிட்டும் இருக்கலாம், 8, 16, 32 பிட்டுகளும் இருக்கலாம். ஒரு கோப்புக்குள் ஒரே பக்கமும் இருக்கலாம், நூறு பக்கங்களும் இருக்கலாம். வழக்கறிஞர் அலுவலகத்தில் ஸ்கேன் செய்த பத்திரம், செயற்கைக்கோள் எடுத்த நிலப்படம், அச்சகத்துக்குப் போகும் அட்டைப்படம் ஆகிய மூன்றும் `.tif` என்ற ஒரே பெயரோடு வந்தாலும், ஒன்றைத் திறக்கத் தெரிந்த நிரல் மற்றொன்றைத் திறந்துவிடும் என்பதற்கு உறுதியில்லை.

இதைப் படிவத்தை அமைப்பவரின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். ஏற்றுக்கொண்ட படத்தை அவர் பிறருக்குத் திரையில் காட்டியாக வேண்டும். சஃபாரி உலாவி டிஃப் படத்தைக் காட்டும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் காட்டுவதில்லை. ஆகவே வந்த கோப்பைச் சர்வர் பிரித்து வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. 6000 × 4000 பிக்சல் கொண்ட படத்தை நிறத்துக்கு 16 பிட் வீதம் நினைவகத்தில் விரித்தால் 144 மெகாபைட் ஆகும். ஒரே நேரத்தில் இருபது பேர் அனுப்பினால் ஏறத்தாழ மூன்று கிகாபைட். கோப்பு சிறியதாக இருப்பதும் இங்கே ஆறுதல் தராது, ஏனெனில் ஃபேக்ஸ் முறையில் சுருக்கிய வெற்று வெள்ளைப் பக்கம் கோப்பாக மிகச் சிறியதாகவும், விரித்தால் மிகப் பெரியதாகவும் இருக்க முடியும். இந்தச் சுமையை மனமறிந்து ஏற்ற இடங்களும் உண்டு. விக்கிமீடியா காமன்ஸ் டிஃப் கோப்பை ஏற்று, திரையில் காட்டுவதற்கு அதிலிருந்து வேறு வடிவத்தில் சிறிய படங்களைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. ஆவணக் காப்பகங்களின் ஸ்கேன்கள் வந்து சேரும் இடத்துக்கு அது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

ரா கோப்பின் நிலை வேறு. அதில் இன்னும் படமே உருவாகவில்லை. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. பாதிப் புள்ளிகள் பச்சைக்கு உரியவை. ஒவ்வொரு புள்ளியும் அளக்காத மற்ற இரு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணக்கிட்டு நிரப்ப வேண்டும். பிறகு வெள்ளைச் சமநிலையைத் தீர்மானித்து, அந்த கேமராவுக்கே உரிய நிற அளவீட்டைப் பொருத்தி, வெளிச்சத்தைக் கண்ணுக்கு ஏற்றபடி சீராக்க வேண்டும். இதில் ஒரே சரியான விடை என்று எதுவும் இல்லாததால், ஒரே கோப்பை இரண்டு மென்பொருள்களில் திறந்தால் இரண்டு வேறு படங்கள் வரும். புதிய கேமரா வந்தால் மாற்றும் நிரலையும் புதுப்பிக்க வேண்டும். புகைப்படக்காரர் செய்ய வேண்டிய தேர்வுகளைச் சர்வர் தானாகச் செய்து, முடிவை அவர் பெயரில் வெளியிடுவது முறையும் ஆகாது.

நிகானின் `.nef`, கேனானின் `.cr2`, அடோபியின் `.dng` ஆகிய மூன்றும் டிஃப் கட்டமைப்பின் மீதே எழுப்பப்பட்டவை என்பதால் ஒரு குழப்பம் நேர்கிறது. `.nef` கோப்பின் பெயரை `.tif` என்று மாற்றி, டிஃப் ஏற்கும் படிவத்தில் அனுப்புவதாகக் கொள்வோம். படிவம் தொடக்கப் பைட்டுகளைச் சரிபார்க்கிறது, 42 இருக்கிறது, ஏற்றுக்கொள்கிறது. ஆனால் திரையில் வருவது 160 × 120 பிக்சல் அளவுள்ள தபால்தலைப் படம். நிகான் தன் முதல் அட்டவணையில் வைத்திருப்பது அந்தச் சிறு மாதிரிப் படத்தைத்தான்; சென்சாரின் எண்கள் 330 என்ற பதிவு சுட்டும் துணை அட்டவணையில் இருக்கின்றன. சாதாரண டிஃப் நிரல் முதல் அட்டவணையோடு நின்றுவிடும். பெரிய கோப்பை அனுப்பியும் படம் இவ்வளவு சிறிதாக வந்தால், ரா கோப்பு டிஃப் என்று படிக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

பாதுகாப்பும் மறுப்பதற்கு ஒரு வலுவான காரணம். அட்டவணை சொல்வதை நம்பி நினைவகத்தை ஒதுக்கும் நிரலுக்கு, அட்டவணை பொய் சொன்னால் ஆபத்து. 2025 ஆகஸ்டில் ஆப்பிள் தன் படம் திறக்கும் நிரலில் இருந்த ஒரு குறையை அவசரமாகச் சரிசெய்தது; குறிப்பிட்ட சில தனிமனிதர்களைத் தாக்க அது பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்றும் அந்நிறுவனமே அறிவித்தது. ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, சிக்கல் `.dng` கோப்பைத் திறக்கும் பகுதியில் இருந்தது. ஒரு பிக்சலுக்கு எத்தனை எண்கள் என்று அட்டவணை சொன்னதும், உள்ளே இருந்த ஜேபெக் தரவு சொன்னதும் பொருந்தாதபோது, நிரல் தனக்கு ஒதுக்கிய இடத்துக்கு வெளியே எழுதியது. முன்பின் அறியாதவர்களின் கோப்புகளை நாள்முழுதும் வாங்கும் சர்வரில் இத்தகைய நிரலை இயக்கத் தயங்குவது நியாயமே.

ஆகவே மாற்றும் வேலையை அனுப்புபவர் தன் கணினியிலேயே செய்துகொள்வது நல்லது. சாதாரண ஸ்கேன் டிஃப்புக்கு இமேஜ்மேஜிக் என்ற நிரலில் இந்த ஒரு வரி போதும்; சதுர அடைப்பில் உள்ள 0 முதல் பக்கத்தைக் குறிக்கிறது:

```
magick "scan.tif[0]" -depth 8 -quality 92 scan.jpg
```

அச்சக மைகளில் அமைந்த கோப்புக்கு இந்த வரி போதாது; நிறங்களை முதலில் திரைக்குரிய எஸ்ஆர்ஜிபிக்கு மாற்ற வேண்டும். ரா கோப்பாக இருந்தால், அதற்குரிய மென்பொருளில் திருத்தி ஜேபெக்காக எடுப்பதே முறை. அவசரத்துக்கு, பல நிகான் கோப்புகளுக்குள் கேமராவே உருவாக்கி வைத்திருக்கும் ஜேபெக்கை எக்சிஃப்டூல் என்ற நிரல் வழியாக வெளியே எடுக்கலாம்:

```
exiftool -b -JpgFromRaw photo.nef > photo.jpg
```

இப்படி வருவது படமெடுத்த நொடியில் கேமரா தன் அமைப்புகளின்படி தீர்மானித்த படம். பின்னர் மென்பொருளில் செய்த திருத்தங்கள் வழக்கமாக அதில் இருக்கமாட்டா.