உபசர்க்கம்: ஒரே வேர், ஐந்து பொருள்

வடமொழியில் வினைவேருக்கு முன்னால் ஒட்டி அதன் பொருளைத் திருப்பும் சிறு சொல்லே உபசர்க்கம். இந்தப் பெயரே ஓர் எடுத்துக்காட்டு: ‘ஸ்ருஜ்’ என்றால் விடு, ‘உப’ சேர்ந்ததும் அது ‘கூடச் சேர்’ என்றாகிவிடுகிறது. மரபில் எண்ணப்படும் உபசர்க்கங்கள் 22. அவற்றின் வேலையை ஒரு பழைய பாட்டு தன்னுள்ளேயே செய்து காட்டுகிறது:

உபஸர்கேண தாத்வர்த்தோ பலாதன்யத்ர நீயதே |
ப்ரஹாராஹாரஸம்ஹாரவிஹாரபரிஹாரவத் ||

‘உபசர்க்கம் வேரின் பொருளை வலிந்து வேறிடத்துக்கு இழுத்துச் செல்கிறது, பிரஹாரம், ஆஹாரம், சம்ஹாரம், விஹாரம், பரிஹாரம் போல’ என்பது பொருள். ஐந்துக்கும் வேர் ‘ஹ்ரு’, அதாவது எடு, கொண்டுபோ. பெயர்ச்சொல்லாகும்போது அது ‘ஹார’ என்று நீள்கிறது. ‘ப்ர’ முன்னோக்கியது, கையையோ ஆயுதத்தையோ முன்னே செலுத்தினால் அடி. ‘ஆ’ தன்பக்கம் இழுப்பது. உள்ளே எடுத்துக்கொண்டால் உணவு. ‘ஸம்’ ஒன்றாகத் திரட்டுவது. விரித்ததைச் சுருட்டி ஒடுக்கினால் அழிவு. ‘வி’ பிரித்துப் பரப்புவது. அங்குமிங்கும் திரிந்தால் உலாவல். ‘பரி’ சுற்றிச் செல்வது. சுற்றிப் போனால் தவிர்த்தல். பல்லவர் செப்பேடுகளில் வரிவிலக்குக்குப் பெயர் பரிஹாரம். நாம் இன்று தோஷத்துக்குச் செய்யும் பரிகாரமும் இதே சொல்தான்.

பதம் பிரிக்கும்போது வழுக்கும் இடம் முதல் கூட்டு. ‘ப்ரஹார’வும் ‘ஆஹார’வும் புணரும்போது அ, ஆ இரண்டும் ஒரே ‘ஆ’வாகி உபசர்க்கம் மறைந்துவிடும். அதைக் கவனிக்காதவர் ‘ப்ரஹார + ஹார’ எனப் பிரித்து, மாலை என்று பொருள் சொல்லிவிடுவார். அப்படியானால் நடுவில் குறில் ‘ர’ வந்திருக்க வேண்டும்; பாட்டில் இருப்பது நெடில் ‘ரா’.

தமிழ் எழுத்தில் படிப்பவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ‘ஹ’வைக் ‘க’வாக எழுதுவதால், ‘ஹ்ரு’ வேர்ச் சொற்களும் ‘க்ரு’ (செய்) வேர்ச் சொற்களும் ஒன்றுபோலத் தெரியும். ஆகாரம் உணவென்றால் வேர் ‘ஹ்ரு’, வடிவமென்றால் ‘க்ரு’. விகாரம் புத்த விகாரம் என்றால் ‘ஹ்ரு’, திரிபு என்றால் ‘க்ரு’. ஐயம் வந்தால் கிரந்த எழுத்தில் ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது.

எல்லா உபசர்க்கமும் இப்படிப் புரட்டிப் போடுவதில்லை. ‘ஆஹரதி’ என்றால் வெறுமே ‘கொண்டுவருகிறான்’ என்றும் பொருள். பாட்டு தூரமாய் விலகிய சொற்களைப் பொறுக்கி எடுத்திருக்கிறது.

தமிழில் இதற்கு ‘முன்னொட்டு’ என்ற சொல் வழங்குகிறது. ஆனால் வேதமொழியில் உபசர்க்கம் வினையை விட்டு விலகி, இடையில் பிற சொற்கள் வர, தனியே நிற்கவும் செய்யும். அங்கே ‘ஒட்டு’ பொருந்தாது. ‘வினைமுன் இடைச்சொல்’ என்பதே சரியாக இருக்கும். தமிழ் வினை இந்த வேலையைப் பின்னால் வரும் துணைவினையிடம் விடுகிறது: எடுத்துவை, எடுத்துக்கொள், எடுத்துவிடு.