ஸ்கேன் செய்த வங்கி ஸ்டேட்மென்ட்: தப்பிய இலக்கத்தை இருப்பு காட்டிக்கொடுக்கும் விதம்

ஸ்கேன் செய்த ஒரு பக்கத்தைக் கணினி எழுத்துகளாக மாற்றும்போது, 3,865 என்ற தொகையை 3,365 என்று படித்துவிட்டால் யாருக்கும் உறுத்தாது. சொல்லில் ஓர் எழுத்து மாறினால் கண் நின்றுவிடும். எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் அதுவும் ஒழுங்கான ஓர் எண்ணாகவே இருக்கும். எழுத்துணரி மென்பொருளின் வெளியீட்டைக் கண்ணால் மேய்ந்து சரிபார்ப்பது எண்களில் பலிக்காததற்குக் காரணம் இதுதான். நல்ல வேளையாக, வங்கி ஸ்டேட்மென்டில் ஒவ்வொரு வரியிலும் இருப்பு அச்சாகியிருக்கிறது. முந்தைய இருப்பிலிருந்து பற்றைக் கழித்து வரவைக் கூட்டினால் இந்த வரியின் இருப்பு வந்தாக வேண்டும். வராவிட்டால் பிழை இருக்கிறது என்று தெரிவதோடு, எந்தக் கட்டத்தில், எந்த இலக்கத்தில் என்பதையும் அந்த வித்தியாசமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது, கையிலுள்ள பி.டி.எஃப் உண்மையிலேயே படம்தானா என்பது. நெட்பேங்கிங்கில் இறக்கிய கோப்பு என்றால் அதற்குள் எழுத்துகள் எழுத்துகளாகவே இருக்கும். அங்கே எழுத்துணரிக்கு வேலையே இல்லை. இந்தக் கட்டளையைக் கொடுத்தால் தெரிந்துவிடும்:

```
pdftotext -layout -f 1 -l 1 statement.pdf -
```

திரையில் வரிகள் வந்தால் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒன்றும் வராவிட்டால் அது படம். பிறகு பக்கங்களைப் பிரித்து டெசராக்ட் போன்ற ஓர் எழுத்துணரியிடம் கொடுக்க வேண்டும். டெசராக்ட் 1980களில் ஹெச்.பி. நிறுவனத்தில் பிறந்து, 2005இல் திறந்த மூல மென்பொருளானது. இலவசம்; சொந்தக் கணினியிலேயே ஓடும். இன்னொருவருடைய கணக்கு விவரத்தை முகம் தெரியாத இணையதளத்தில் ஏற்றாமல் வேலையை முடிக்க இது போதும்.

```
pdftoppm -r 300 -png statement.pdf page
tesseract page-1.png page-1 --psm 6 tsv
```

கடைசியில் உள்ள `tsv` முக்கியம். அது இல்லாவிட்டால் கிடைப்பது வெறும் வரிகள். அதில் 1,500.00 என்ற எண் பற்று நெடுவரிசையில் இருந்ததா, வரவு நெடுவரிசையில் இருந்ததா என்று சொல்ல வழியில்லை. காலியான கட்டத்தை எழுத்துணரி பார்ப்பதே இல்லை. அதன் கண்ணுக்கு வெள்ளை இடம் வெள்ளை இடம்தான். `tsv` கேட்டால் ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் எந்த இடத்தில் இருந்தது என்பதும் சேர்ந்து வரும்: இடப்பக்கத்திலிருந்து எத்தனை பிக்சல், மேலிருந்து எத்தனை பிக்சல், அகலம், உயரம். தொகைகள் பெரும்பாலும் வலப்பக்கம் ஒட்டி அச்சாவதால், இடது விளிம்போடு அகலத்தைக் கூட்டி வலது விளிம்பைக் கண்டுபிடிப்பது நல்லது. ஒரே நெடுவரிசையின் எண்களுக்கெல்லாம் அந்த வலது விளிம்பு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், 640.00 ஆனாலும் 12,500.00 ஆனாலும் முடியும் இடம் ஒன்றுதான். அதை வைத்துப் பற்று, வரவு, இருப்பு மூன்றையும் பிரித்துவிடலாம்.

வரிகளைப் பிரிப்பதில் ஒரு தொல்லை உண்டு. ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தால் படம் 2480 பிக்சல் அகலம் வரும். தாள் ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தால், இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் இடையே சுமார் 43 பிக்சல் ஏற்ற இறக்கம் வந்துவிடும். 12 பாயின்ட் இடைவெளியில் அச்சான வரிகளுக்கு நடுவில் இருப்பதே 50 பிக்சல்தான். ஆக, கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வு, இடப்பக்கத் தேதியைக் கிட்டத்தட்ட அடுத்த வரியின் இருப்போடு கோத்துவிடப் போதும். உயரத்தை வைத்து வரி பிரிப்பதற்கு முன் படத்தை நேராக்கியே ஆக வேண்டும். வண்ணத்தில் ஸ்கேன் செய்வதும் உதவும். வங்கியின் நீல முத்திரை எண்களின் மேல் விழுந்திருந்தால், படத்தின் நீல அலைவரிசையை மட்டும் எடுத்துப் பாருங்கள். நீல மை அதில் வெளிறிவிடும், கறுப்பு எழுத்து கறுப்பாகவே நிற்கும். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

இனி அட்டவணையைச் சோதிக்கலாம். காற்புள்ளிகளை நீக்கிவிட்டு, தேதி A, விவரம் B, பற்று C, வரவு D, இருப்பு E என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் வரியில் தொடக்க இருப்பு. மூன்றாம் வரியிலிருந்து F நெடுவரிசையில் இந்தச் சூத்திரம்:

```
=ROUND(E3-(E2-C3+D3),2)
```

எக்செல் பின்னங்களை இரும எண்ணாக வைத்திருப்பதால் பைசாவில் நுண்ணிய மிச்சம் ஒட்டிக்கொள்ளும். ROUND அதைத் துடைக்கிறது. இங்கே SUM போடாமல் கூட்டல் கழித்தல் குறிகளையே வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. எழுத்துணரி 1500.00 என்பதை 15O0.00 என்று, நடுவில் ஆங்கில எழுத்து O போட்டுப் படித்திருந்தால் அந்தக் கட்டம் எண்ணே அல்ல. SUM அப்படிப்பட்ட கட்டத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். கூட்டல் குறி `#VALUE!` என்று கத்தும். நமக்குக் கத்துவதுதான் வேண்டும்.

உதாரணத்துக்கென்று அமைத்த ஒரு ஸ்டேட்மென்ட், எழுத்துணரியிலிருந்து இப்படி வந்ததாகக் கொள்வோம்:

```
நாள்           பற்று       வரவு       இருப்பு    சோதனை
                                   48230.50
01/06/2024   1500.00               46730.50       0
03/06/2024   3365.00               42865.50    -500
05/06/2024              32000.00   74865.50       0
06/06/2024  12500.00               62365.50       0
09/06/2024    640.00               67725.50    6000
10/06/2024   2118.00               59607.50   -6000
14/06/2024    900.00               57432.50   -1275
```

மூன்று வகைப் பிழை இங்கே இருக்கிறது. மூன்றும் மூன்று விதமாகத் தடம் விட்டிருக்கின்றன.

3ஆம் தேதி வரியில் மட்டும் 500 இடிக்கிறது. அடுத்த வரி சரியாக இருக்கிறது. இருப்பு தவறாக இருந்தால் அது அடுத்த வரியையும் கெடுத்திருக்கும். ஆகவே தவறு தொகையில். ஓர் இலக்கம் மட்டும் தவறாகப் படிக்கப்பட்டால் வித்தியாசத்தில் சுழியல்லாத இலக்கம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அது நிற்கும் இடம்தான் பிழை நடந்த இடம். இங்கே நூறின் இடத்தில் 5. எழுத்துணரி அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இணைகளில் 3, 8 ஒன்று. அவற்றின் வித்தியாசம் 5. தொகையில் நூறின் இடத்தில் 3 இருக்கிறது, அது 8 ஆக இருந்தால் கணக்கு நேராகிறது: 3,865.00. படத்தைத் திறந்து பார்த்தால் 8இன் இடது வளைவில் மை மங்கியிருக்கும்.

9ஆம் தேதி 6000, 10ஆம் தேதி அதே 6000 எதிர்க்குறியோடு. அடுத்தடுத்த இரு வரிகளில் சமமும் எதிருமாக வந்தால் இரண்டுக்கும் பொதுவான இருப்புக் கட்டம்தான் குற்றவாளி. ஆயிரத்தின் இடத்தில் 6 என்றால் 1க்கும் 7க்கும் உள்ள குழப்பம். சரியான இருப்பு 61,725.50.

14ஆம் தேதியில் வரும் 1275 வேறு சாதி. அதில் சுழியல்லாத இலக்கங்கள் நான்கு. ஓர் இலக்கம் மாறியதால் இது வர முடியாது. இப்படி வந்தால் அநேகமாக ஒரு வரியே விடுபட்டிருக்கும். வித்தியாசம் எதிர்க்குறியில் இருப்பதால் விடுபட்டது பற்று, தொகை 1,275.00. பக்கத்தின் மடிப்பிலோ, முத்திரையின் அடியிலோ அந்த வரி ஒளிந்திருக்கும். ஒரு பக்கத்தின் கடைசி வரியும் அடுத்த பக்கத்தின் முதல் வரியும் சேரும் இடத்தை முதலில் பார்ப்பது என் வழக்கம்.

வேறு சில தடங்களும் பழகிவிடும். 5ஆம் தேதியின் 32,000 வரவிலிருந்து பற்றுக்கு இடம் மாறியிருந்தால் வித்தியாசம் 64,000 என்று வரும், அதாவது தொகையின் இரு மடங்கு. தசமப் புள்ளி விழாமல் 640.00 என்பது 64000 ஆகிவிட்டால் வித்தியாசம் 63,360. அது 640இன் 99 மடங்கு. அட்டவணையின் செங்குத்துக் கோட்டை எழுத்துணரி 1 என்று படித்து 3,865ஐ 13,865 ஆக்கினால், வித்தியாசம் 10,000. வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கும் என்று கணக்கர்கள் சொல்லும் பழைய விதி கையால் தட்டச்சு செய்யும் மனிதர்களுக்கானது. எழுத்துணரி இலக்கத்தை இடம் மாற்றுவது அபூர்வம். அதன் பிழைகள் உருவ ஒற்றுமையால் வருபவை.

இரண்டு விஷயங்களில் கண்டிப்பு வேண்டும். சோதனை சுழியாக வேண்டும் என்பதற்காக, அச்சான இருப்பை அழித்துவிட்டுச் சூத்திரத்தால் இருப்பை நிரப்பக்கூடாது. அப்போது எல்லா வரியும் சரியாகத் தெரியும், ஏனென்றால் சாட்சியையே கலைத்துவிட்டோம். அதேபோல், கணக்கு காட்டும் திருத்தத்தைப் படத்தில் பார்த்து உறுதி செய்த பிறகே எழுத வேண்டும். ஒரே வரியில் இரண்டு இலக்கம் தவறியிருந்தால் வித்தியாசம் வேறு எதையோ போலத் தோன்றக்கூடும். எழுத்துணரி ஒவ்வொரு சொல்லுக்கும் தரும் நம்பிக்கை மதிப்பெண்ணையும் அளவுக்கு மேல் நம்ப வேண்டாம். தவறாகப் படித்த இலக்கத்துக்கும் அது நூற்றுக்கு 95 கொடுக்கக்கூடும்.

கடைசி வரிக்கு அடுத்து வரி இல்லாததால் அதன் இருப்பைத் தனியே பார்க்க வேண்டும். பல வங்கிகள் முடிவில் மொத்தப் பற்று, மொத்த வரவு, இறுதி இருப்பு மூன்றையும் அச்சிடுகின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் போதும். புதிய பரிவர்த்தனை மேலே வரும் ஸ்டேட்மென்ட் என்றால், சூத்திரத்தைப் போடுமுன் வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும்.

இருப்பின் பிடிக்குச் சிக்காதவை தேதியும் விவரமும். 03/04/2024 என்பதை அமெரிக்க அமைப்பிலுள்ள எக்செல் மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 13/04/2024 அதற்குத் தேதியே அல்ல, வெறும் எழுத்து. ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் நடந்திருக்கிறது. தேதியை எழுத்தாக இறக்கி, நாள்-மாதம்-ஆண்டு என்று நாமே மாற்றுவது பாதுகாப்பு. பிறகு தேதிகள் பின்னோக்கிப் போகும் இடத்தைத் தேடலாம். ஐ.எஃப்.எஸ்.சி குறியீடு 11 எழுத்து. முதல் நான்கும் ஆங்கில எழுத்து, ஐந்தாவது எப்போதும் சுழி. அங்கே O என்று வந்திருந்தால் யோசிக்காமல் மாற்றலாம். கணக்கு எண்ணையும் எழுத்தாகவே வைக்க வேண்டும்: எண்ணாக வைத்தால் எக்செல் முன்னால் உள்ள சுழிகளை உதிர்த்துவிடும், 15 இலக்கத்துக்கு மேல் உள்ளவற்றைச் சுழியாக்கிவிடும். விவரத்தில் வரும் ஆள் பெயரைச் சோதிக்க எந்தச் சூத்திரமும் இல்லை. அந்தப் பெயரை நம்பி ஏதாவது முடிவெடுக்க வேண்டியிருந்தால், அந்த வரியைப் படத்திலேயே படிக்க வேண்டும்.