காலாவதியான லிங்க்கில் வந்து சேரும் பணம்

சுங்கை சிப்புட்டில் தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்கும் ஒரு வீட்டு வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் ஆர்டர் சொன்ன அக்காவுக்கு இரவு 10:00 மணிக்கு 84 ரிங்கிட்டுக்கான கட்டண லிங்க் போகிறது. 15 நிமிடத்தில் அது காலாவதி ஆகும். தோட்டத்து வீட்டில் இருக்கும் அக்கா 10:13க்கு அதைத் திறந்து, வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டும் எஃப்பிஎக்ஸ் வழியாக வங்கிப் பக்கத்துக்குப் போகிறார். லைன் இழுக்கிறது. வங்கிச் செயலியில் ஒப்புதல் கொடுத்து முடிக்கும்போது மணி 10:16. கணக்கில் பணம் கழிந்துவிட்டது, கடையின் பக்கமோ லிங்க் காலாவதி என்கிறது.

இங்கே ஓடுவது இரண்டு கடிகாரங்கள். 15 நிமிடக் கெடுவை வைத்தது லிங்க்கை உருவாக்கிய கட்டணத் தளம். அக்கா வங்கிப் பக்கத்துக்குள் நுழைந்தபின் வங்கி தன் சொந்த நேர வரம்பைத்தான் பார்க்கிறது. கியூஆரிலும் இப்படி நடக்கலாம்: ஸ்கேன் செய்யும்போது கெடு பார்க்கப்பட்டு, ஒப்புதல் தரும் நொடியில் மறுபடி பார்க்கப்படாவிட்டால் அதே இடைவெளி விழும்.

கிரெடிட் கார்டாக இருந்தால் முதலில் தொகையை நிறுத்திவைத்து, பிறகு எடுக்கலாம். ஆர்டர் இல்லையென்றால் எடுக்காமலே விட்டுவிடலாம். எஃப்பிஎக்ஸிலும் டூயிட்நவ் கியூஆரிலும் அந்த இடைப்படி கிடையாது. வாங்குபவர் ஒப்புதல் தந்ததும் பணம் கிளம்பிவிடும். திருப்பித் தர வேண்டுமானால் தனியாக இன்னொரு பணமாற்றம் செய்ய வேண்டும்.

உண்மையான சேதம் இதற்கப்புறம்தான். பணம் வந்த செய்தி 10:16க்குக் கடையின் மென்பொருளுக்கு வருகிறது. அது 'காத்திருக்கும்' ஆர்டர்களில் மட்டும் தேடுகிறது. அக்காவின் ஆர்டர் 10:15க்கே மூடப்பட்டதால் கிடைக்கவில்லை, செய்தி தூக்கி எறியப்படுகிறது. பணம் கடைக்காரர் கணக்கில் சேர்ந்துவிடும், முறுக்கு மட்டும் போகாது. வங்கியில் சேர்ந்த தொகையையும் ஆர்டர் பட்டியலையும் ஒப்பிட்டால் 84 ரிங்கிட் கூடுதலாக நிற்கும். இதைத் தினமும் பார்க்காத கடைக்கு, அக்கா போன் செய்யும்வரை தெரியாது.

சரியான மென்பொருள், ஆர்டரை மூடும் முன் பணம் வரும் வழியில் இருக்கிறதா என்று கட்டணத் தளத்தைக் கேட்கும். மூடியபின் பணம் வந்தால் 'தாமதமாகச் செலுத்தப்பட்டது' என்று தனியாகக் குறிக்கும். முறுக்கு மிச்சமிருந்தால் ஆர்டரைத் திரும்பத் திறக்கும், விற்றுவிட்டால் பணத்தைத் திருப்பும். ஒரே செய்தி இரண்டு முறை வரக்கூடும் என்பதால், பரிமாற்ற எண்ணைப் பார்த்து ஒரு தடவை மட்டுமே செயல்பட வேண்டும்.

வாங்குபவர் திரையை நம்பி உடனே இன்னொரு லிங்க் கேட்டுக் கட்டக்கூடாது. முதலில் வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும். பணம் கழிந்திருந்தால் பரிமாற்ற எண்ணைக் கடைக்கு அனுப்பினால் போதும்.

கோயில் கமிட்டியோ கம்பெனியோ கட்டும்போது தாமதம் இன்னும் நீளும். இருவர் ஒப்புதல் தேவைப்படும் கணக்கில் ஒருவர் இன்று போட்டதைப் பொருளாளர் நாளைதான் அங்கீகரிக்கலாம். அத்தகைய ஆர்டருக்கு 15 நிமிட லிங்க் அனுப்புவதே தவறு, நாள் கணக்கில் கெடு கொடுக்க வேண்டும்.