டென்னிஸ் பந்து டப்பாவைத் திறந்த நாளிலிருந்தே சாகிறது

மதுரையில் டென்னிஸ் ஆடுபவர்கள் பலர் மூன்று பந்து டப்பாவைத் திறந்து, ஒரு காலை ஆடிவிட்டு, பந்துகளைத் திரும்ப உள்ளே போட்டு பிளாஸ்டிக் மூடியை அழுத்தி மூடிவிடுகிறார்கள். அடுத்த வாரம் எடுத்தால் பந்து தொய்ந்து கிடக்கிறது. 'மூடித்தானே வச்சேன்?' என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது. அந்த மூடி பந்து கீழே விழாமல் இருக்க மட்டுமே உதவும், காற்றழுத்தத்தைத் தாங்காது.

பிரஷர் பந்து என்பது உள்ளீடற்ற ரப்பர் கூடு, அதன்மேல் ஃபெல்ட் துணி. கூட்டுக்குள் வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 12 முதல் 14 பி.எஸ்.ஐ. கூடுதல் அழுத்தத்தில் காற்று அடைக்கப்பட்டிருக்கும். பந்தின் துள்ளலில் பெரும்பங்கு அந்தக் காற்றினுடையது. ரப்பர் பார்வைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் காற்று அதனூடே மெல்லக் கசியும். அதைத் தடுக்கத்தான் டப்பாவுக்குள்ளும் அதே அளவு அழுத்தம் வைத்து அடைக்கிறார்கள். உள்ளும் புறமும் சமமாக இருக்கும்வரை கசிவுக்கு வேலையில்லை. பிளாஸ்டிக் மூடிக்கு அடியிலுள்ள உலோகத் தகட்டை உரிக்கும்போது 'உஸ்' என்று கேட்பது அந்தக் காற்றுதான். சத்தமே வரவில்லை என்றால் டப்பா ஏற்கெனவே கசிந்திருக்கிறது. கடையிலேயே திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆக, திறந்த நிமிடத்திலேயே கணக்கு ஆரம்பமாகிவிடுகிறது. ஒரு அடிகூட அடிக்காமல் அலமாரியில் வைத்த பந்தும் சில வாரங்களில் தளர்ந்துவிடும். அடிப்பது அதை வேகப்படுத்துகிறது, அவ்வளவே.

இதில் நம் ஊர் வெயில் தனியாகக் கெடுக்கிறது. சித்திரை, வைகாசியில் பூட்டிய காரின் உள்ளே 60 டிகிரியை நெருங்கும். அந்தச் சூட்டில் பந்தின் உள்ளழுத்தமும் ஏறும், ரப்பரும் காற்றை இன்னும் எளிதாக வெளியே விடும். பின்னது ஆகப் பெரிய சேதம். அறையில் பல நாளில் கசிய வேண்டிய காற்று வண்டி டிக்கியில் சில நாளிலேயே போய்விடும். திறக்காத டப்பாவையும் அங்கே வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜும் தேவையில்லை. வெயில் படாத அறையில், பீரோவின் கீழ்த்தட்டு போதும். திறக்காத டப்பாவும் காலத்துக்கும் நிற்காது. மொத்தமாக வாங்கி அடுக்காமல், இரண்டு மூன்று மாதத்துக்கு ஆகும் அளவே வாங்குவது லாபம்.

பந்து செத்ததா என்று கையால் அழுத்திப் பார்ப்பது ஆளுக்கு ஆள் மாறும். சுவரில் இரண்டு கோடு போட்டால் சந்தேகம் தீரும். தரையிலிருந்து 254 செ.மீ., அதாவது 8 அடி 4 அங்குலத்தில் ஒன்று, 135 செ.மீ., அதாவது 4 அடி 5 அங்குலத்தில் மற்றொன்று. ஸ்டூல்மேல் நின்று, பந்தின் அடிப்பாகம் மேல்கோட்டில் இருக்கும்படி பிடித்து, தள்ளாமல் சிமென்ட் தரையில் விடுங்கள். இன்னொருவர் கீழ்க்கோட்டின் உயரத்தில் போனை வைத்து ஸ்லோமோஷனில் எடுக்கட்டும். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப்படி வழக்கமான பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும். அடிப்பாகம் கீழ்க்கோட்டைத் தொடவில்லை என்றால் அந்தப் பந்து மேட்சுக்கு ஆகாது, பயிற்சிக் கூடைக்குப் போகலாம். சோதனையைக் காலையில், அறையில் கிடந்த பந்தை வைத்துச் செய்யுங்கள். வெயிலில் சூடான பந்து கூடுதலாக எழும்பி ஏமாற்றிவிடும்.

அழுத்தக் குழாயில் போட்டு பம்ப் அடித்து வைப்பது உண்மையிலேயே பயன் தரும், ஆனால் புதுப் பந்தை அப்படியே காப்பதற்குத்தான். ஆடி முடித்ததும் போட்டு 14 பி.எஸ்.ஐ. அளவில் வைத்தால் கசிவு ஏறக்குறைய நின்றுவிடும். செத்த பந்தை மீட்க அதைவிட அதிக அழுத்தமும் பல நாள்களும் வேண்டும். தேய்ந்துபோன ஃபெல்ட் மட்டும் எதனாலும் திரும்பாது.

பிரஷர்லெஸ் பந்தில் கூடுதல் காற்று கிடையாது. ரப்பர் கூடு தடிமனானது, துள்ளலை அதுவே கொடுக்கிறது. அதனால் மாதக்கணக்கில் டப்பா இல்லாமல் கூடையில் கிடந்தாலும் துள்ளல் குறையாது. பயிற்சியாளரின் கூடைக்கும் பந்து வீசும் இயந்திரத்துக்கும் இதுவே சரி. ஆனால் ராக்கெட்டில் விறைப்பாகப் படும். முழங்கை வலி உள்ளவர்கள் மணிக்கணக்கில் அடிக்கக் கூடாது. இது சாகும் விதமே வேறு. ஃபெல்ட் உதிர உதிரப் பந்து இலேசாகி, வேகமாகவும் உயரமாகவும் துள்ளத் தொடங்கும். துள்ளுகிறதே என்று நம்பாமல், ஃபெல்ட் வழுக்கையானதும் கழித்துவிடுங்கள்.

கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போய் ஆடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே உயரம் 2,000 மீட்டருக்கு மேல், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. மதுரையில் சரியாக எழும் புதுப் பிரஷர் பந்து அங்கே எல்லை தாண்டித் துள்ளும். 1,219 மீட்டருக்கு மேலுள்ள இடங்களுக்கென்று துள்ளல் குறைந்த பந்து தனியாக உண்டு. அது கிடைக்காவிட்டால் இங்கே திறந்து ஓரளவு தளர்ந்த பந்துகளை எடுத்துப் போங்கள், புது டப்பாவை ஊர் திரும்பியபின் உடைக்கலாம்.